அஜெண்டா இல்லாத மீட்டிங் அழைப்பை மறுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீட்டிங் அழைப்பில் தலைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. நேராக Decline அழுத்திவிடலாமா?

வேண்டாம். முதலில் கேளுங்கள், அப்புறம் மறுக்கலாம். கேட்காமல் வரும் Decline-ஐப் பார்க்கிறவர், "இவருக்கு இந்த வேலையில் அக்கறை இல்லை" என்றுதான் எடுத்துக்கொள்வார். அழைப்பில் அஜெண்டா இல்லை என்பது அவர் மனதுக்கு வரவே வராது. அவரைப் பொறுத்தவரை என்ன பேசப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியும், அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் அழைப்பை அனுப்பியிருக்கிறார்.

கேட்பதற்கு முன்னால் இன்னொரு வேலையும் இருக்கிறது. உண்மையிலேயே அஜெண்டா இல்லையா என்று பாருங்கள். பல நேரம் அது அழைப்புக்குள் இருக்காது. இரண்டு நாள் முன்பு ஓடிய மின்னஞ்சல் இழையின் கடைசியில், "சரி, இதை உட்கார்ந்து பேசிவிடலாம்" என்று யாராவது எழுதியிருப்பார்கள், அதன் தொடர்ச்சியாக அழைப்பு வந்திருக்கும். டீம்ஸ் சாட்டில் பேச்சு நடந்திருக்கும். சில நேரம் தலைப்பே போதுமானது. "ஜூன் ரிலீஸ் தேதி: 12-ஆ 19-ஆ, முடிவெடுக்க" என்று தலைப்பு இருந்தால் கீழே விவரம் காலியாக இருந்தாலும் அதை அஜெண்டா இல்லாத கூட்டம் என்று சொல்ல முடியாது. "சிங்க்-அப்", "குயிக் கால்", "கனெக்ட்", "ஜெனரல் டிஸ்கஷன்" போன்ற தலைப்புகள் வந்து, பின்னணியும் எங்கும் கிடைக்கவில்லை என்றால்தான் இந்தப் பக்கத்தில் சொல்வது பொருந்தும்.

அஜெண்டா கேட்டால் திமிர் பிடித்தவன் என்று நினைக்க மாட்டார்களா?

கேட்கிற விதத்தைப் பொறுத்தது. "அஜெண்டா என்ன?" என்று ஒற்றை வரியில் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். அதே கேள்வியை நீங்கள் தயாராக வருவதற்காகக் கேட்டால் யாருக்கும் உறுத்தாது. நான் எழுதச் சொல்வது ஏறக்குறைய இப்படி:

"அழைப்பு பார்த்தேன். வியாழன் கூட்டத்தில் எதை முடிவு செய்யப் போகிறோம் என்று ஒரு வரி சொல்ல முடியுமா? என் பக்கத்திலிருந்து எதை எடுத்து வர வேண்டும் என்று தெரிந்தால் நாளை மதியத்துக்குள் தயார் செய்துவிடுகிறேன்."

இதில் இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன: கூட்டம் முடியும்போது என்ன முடிவாகியிருக்க வேண்டும், அதில் என் பங்கு என்ன. அஜெண்டா என்ற சொல்லே வரவில்லை என்பதையும் கவனியுங்கள். "அஜெண்டா அனுப்புங்கள்" என்றால் சிலர் அலுத்துக்கொண்டு, "1. அறிமுகம், 2. விவாதம், 3. அடுத்த கட்டம்" என்று மூன்று வரி தட்டி அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்று வரியை எந்தக் கூட்டத்துக்கும் போடலாம், உங்களுக்கு அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. எதை முடிவு செய்யப் போகிறோம் என்று கேட்டால் அப்படி ஒப்பேற்றுவது கஷ்டம்.

இந்தக் கேள்வியைக் கூட்டம் போட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள், Reply All வேண்டாம். பத்துப் பேர் பார்க்க "இந்தக் கூட்டம் எதற்கு" என்று கேட்டால், எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் அது குற்றச்சாட்டாகத்தான் படும். தனி சாட் நல்லது. சீனியர்களோடு சாட்டில் பேசும் பழக்கம் இல்லாத அலுவலகம் என்றால் தனி மின்னஞ்சல் போதும்.

என்ன பேசப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்வது மென்பொருள் நிறுவனங்கள் கண்டுபிடித்த புது வழக்கம் இல்லை. இந்தியாவில் கம்பெனிகளின் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு, கம்பெனிகள் சட்டம் 2013-இன் 173-ஆம் பிரிவுப்படி, குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கம்பெனி செயலர்கள் நிறுவனத்தின் எஸ்.எஸ்.-1 தரநிலை, கூட்டத்தில் எடுக்கப்போகும் பொருள்களையும் அவற்றுக்கான குறிப்புகளையும் அதே போல 7 நாள் முன்பே இயக்குநர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறது. அவசரக் கூட்டங்களுக்கு விலக்கு உண்டு. மேல்மட்டத்தில் அவர்களே ஏழு நாள் எடுத்துக்கொள்ளும்போது நீங்கள் கேட்பது ஒரு வரி.

பதில் வரும்வரை Tentative போட்டு வைக்கலாமா, இல்லை சும்மா விட்டுவிடலாமா?

சும்மா விடாதீர்கள். அவுட்லுக்கில் நீங்கள் எந்தப் பதிலும் சொல்லாவிட்டாலும் அந்த நேரம் உங்கள் நாள்காட்டியில் தற்காலிகமாக அடைபட்டுத்தான் கிடக்கும். நேரமும் போய்விட்டது, கூட்டம் போட்டவருக்கு நீங்கள் வருவீர்களா என்றும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்.

Tentative, அல்லது கூகுள் காலண்டரில் Maybe, இந்த இடைக்காலத்துக்கு ஏற்றதுதான். ஆனால் அதோடு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்: "என் பங்கு என்ன என்று தெரிந்ததும் உறுதி செய்கிறேன்." அந்த வரி இல்லாத Tentative என்றால் நம் ஊர் அலுவலகங்களில் "வருவார், கொஞ்சம் லேட்டாக வருவார்" என்றுதான் பொருள்.

உங்களுக்கு நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை அதற்குச் சரியான நேரம். அதற்குள் பதில் வராவிட்டால் Tentative-ஐ Accept ஆகவோ Decline ஆகவோ மாற்றிவிடுங்கள். கூட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரும் Decline-ஐ யாரும் மன்னிப்பதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. அவர் உங்களை வைத்துத் திட்டமிட்டிருப்பார், வேறு ஆளைக் கூப்பிட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

முழுசா ஒரு உதாரணம் சொல்லுங்களேன். என்ன எழுதணும், எப்போ எழுதணும்னு?

ஒரு மென்பொருள் குழுவில் டெஸ்டிங் பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். செவ்வாய் மாலை ஐந்தரைக்கு அழைப்பு வருகிறது. தலைப்பு "பேமெண்ட் மாட்யூல் சிங்க்-அப்". வியாழன் மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை, ஒன்பது பேருக்கு. விவரப் பகுதியில் டீம்ஸ் இணைப்பைத் தவிர ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை இவர் முடிக்க வேண்டிய ரிக்ரெஷன் டெஸ்டிங் பாதியில் நிற்கிறது.

செவ்வாய் மாலையே Tentative போட்டு, கூட்டம் போட்ட டெவலப்மெண்ட் லீடுக்கு மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் சாட்டில் அனுப்புகிறார். புதன் காலை பதில் வருகிறது: "ஒண்ணும் இல்ல, பொதுவா எங்க நிக்கிறோம்னு பேசிக்கலாம்."

இந்தப் பதிலோடு பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஒன்று, "சரி போய்த் தொலைப்போம்" என்று Accept அழுத்துவார்கள், இல்லை கோபத்தில் Decline அழுத்துவார்கள். இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "சரி. டெஸ்டிங் பக்கம் எதுவும் உங்களுக்குத் தடையாக நிற்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்." அப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. ரீஃபண்ட் பகுதிக்கான டெஸ்ட் டேட்டா தயாரா இல்லையா என்று அந்த லீடுக்குத் தெரியவில்லை. இவரிடம் தெரிந்துகொள்ள வேண்டியது அது ஒன்றுதான். மற்ற எட்டுப் பேரிடமும் இதே போல ஆளுக்கொரு சின்னக் கேள்வி இருக்கிறது, அத்தனையையும் ஒரு மணி நேரத்தில் வரிசையாகக் கேட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. அவருக்கு அது ஒரு மணி நேரம். அழைக்கப்பட்ட ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒன்பது மணி நேரம், அதாவது ஒரு ஆளின் ஒரு முழு நாள் வேலைக்கும் மேல்.

புதன் மதியம் இவர் மூன்று வரி அனுப்புகிறார்: "முழு ரீஃபண்டுக்கான டேட்டா தயார். பகுதி ரீஃபண்டுக்கு வங்கியின் சோதனைக் கணக்கு இன்னும் வரவில்லை, திங்கள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் டெவலப்மெண்ட் பக்கம் நிறுத்தி வைக்க வேண்டியது ஒன்றும் இல்லை." மாலை ஐந்து மணிக்கு Decline அழுத்தி, இந்தக் குறிப்பைச் சேர்க்கிறார்:

"டெஸ்ட் டேட்டா நிலவரத்தை மதியம் அனுப்பிவிட்டேன். வெள்ளிக்குள் ரிக்ரெஷனை முடிக்க வேண்டியிருப்பதால் வியாழன் வரவில்லை. நடுவில் எதற்காவது நான் தேவை என்றால் சாட்டில் கூப்பிடுங்கள், ஐந்து நிமிஷத்தில் இணைகிறேன்."

இந்த வரிசையில் முக்கியமானது, பதில் முதலில் போய்விட்டது, மறுப்பு பின்னால் வந்தது என்பதுதான். அந்த லீடின் கையில் தேவையானது ஏற்கெனவே இருப்பதால் இவர் வராததில் அவருக்கு இழப்பு இல்லை. "ஐந்து நிமிஷத்தில் இணைகிறேன்" என்ற வரியும் வெறும் மரியாதைக்கு எழுதுவது இல்லை. வியாழன் மூன்றிலிருந்து நான்கு வரை உண்மையிலேயே சாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கூப்பிட்டு நீங்கள் கிடைக்காமல் போனால், அடுத்த முறை உங்கள் மறுப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

வியாழன் கூட்டத்தில் டேட்டா பற்றிப் பேச்சு வந்தால் அந்த லீடு மூன்று வரியைப் படித்துவிட்டு நகர்வார். வராமலும் போகலாம். எட்டுப் பேரும் அதே போலப் பதில் அனுப்பியிருந்தால் கூட்டமே தேவைப்பட்டிருக்காது, ஆனால் அதை முடிவு செய்வது கூட்டம் போட்டவரின் உரிமை, உங்களுடையது இல்லை.

குறிப்பை எங்கே எழுதுவது? அதை யாரெல்லாம் பார்ப்பார்கள்?

அவுட்லுக்கின் பழைய டெஸ்க்டாப் பதிப்பில் Decline-ஐ அழுத்தினால் மூன்று வழி காட்டும்: Edit the Response before Sending, Send the Response Now, Do Not Send a Response. எப்போதும் முதலாவதைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பை எழுதி அனுப்புங்கள். மூன்றாவதுதான் ஆபத்து. அதை அழுத்தினால் உங்கள் நாள்காட்டியிலிருந்து கூட்டம் போய்விடும், கூட்டம் போட்டவருக்கோ எந்தத் தகவலும் போகாது. நீங்கள் மறுத்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள், அவர் உங்களுக்காகக் காத்திருப்பார். "நான் Decline பண்ணிட்டேனே!", "எனக்கு வரவே இல்லையே!" என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்டிருந்தால், பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்.

கூகுள் காலண்டரில் Yes, No, Maybe பொத்தான்களை ஒட்டியே குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது. ஒன்றை மறந்துவிடாதீர்கள். அங்கே எழுதும் குறிப்பு கூட்டம் போட்டவரோடு நிற்பதில்லை. விருந்தினர் பட்டியலைப் பார்க்க அனுமதி இருக்கும் எல்லோரும் உங்கள் பெயருக்குக் கீழே அதைப் படிக்கலாம். அதனால் அந்த இடத்தில் "அஜெண்டா இல்லாததால் வரவில்லை" என்று எழுதுவது, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குச் சமம். அங்கே பொதுவான ஒரு வரி மட்டும் போட்டு, சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள்.

கூட்டம் போட்டதே என் மேனேஜர். அவருக்கு எப்படி Decline அனுப்புவது?

நேர் மேலாளருக்கு Decline பொத்தானை அழுத்தாதீர்கள். அவரிடம் பேசி, உங்களை அவரே விடுவிக்கும்படி செய்யுங்கள். இது பயந்து போவது இல்லை. உங்கள் நேரத்தில் எது முதலில் என்று சொல்லும் பொறுப்பு அவருடையது, அந்தப் பொறுப்பை அவர் கையில் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அவர் முடிவெடுக்க வசதியாக இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். "வியாழன் மூன்று மணிக்கு நீங்கள் போட்ட கூட்டமும் இருக்கிறது, வெள்ளிக்குள் முடிக்கச் சொன்ன ரிக்ரெஷனும் இருக்கிறது. கூட்டத்தில் என்னிடம் என்ன தேவை என்று சொன்னால் இப்போதே எழுதித் தந்துவிடுகிறேன். இல்லை, நான் இருந்தே ஆக வேண்டும் என்றால் ரிக்ரெஷன் சனி மதியம் ஆகிவிடும், பரவாயில்லையா?" இதற்கு மேலாளர் என்ன பதில் சொன்னாலும் உங்களுக்கு நல்லதுதான். வரச் சொன்னால் தாமதத்துக்கு அவர் சம்மதம் இருக்கிறது. வேண்டாம் என்றால் மறுப்பு அவருடையது. ஐ.டி. அலுவலகத்தில் பெயர் சொல்லிப் பேசுவோம், வங்கியிலோ தொழிற்சாலையிலோ "சார்", "மேடம்" வரும். கேட்பது எங்கும் ஒன்றுதான்.

சில அழைப்புகளில் மேலாளர் வேண்டுமென்றேதான் விவரம் எழுதாமல் விடுகிறார், அதையும் மனதில் வையுங்கள். உங்களோடு மட்டும் தனியாக அரை மணி நேரம், தலைப்பு "கேட்ச்-அப்" என்று வந்தால் அது சம்பள உயர்வாக இருக்கலாம், குழு மாற்றமாக இருக்கலாம், உங்கள் மேல் வந்த புகாராக இருக்கலாம். அவற்றை நாள்காட்டியில் எழுத முடியாது. எச்.ஆர். ஆள் சேர்ந்திருக்கும் அழைப்பும் அப்படித்தான். இவற்றுக்கு அஜெண்டா கேட்காமல் போய்விடுங்கள். பதற்றமாக இருந்தால், "நான் ஏதாவது தயார் செய்துகொண்டு வர வேண்டுமா?" என்று மட்டும் கேட்கலாம். பெரிய கோளாறு ஒன்றை அவசரமாகச் சரிசெய்துகொண்டிருக்கும்போது வரும் அழைப்பும் இந்தக் கணக்கில் சேராது. தளம் முடங்கிக் கிடக்கும்போது விவரம் எழுத யாருக்கு நேரம் இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு: மேலதிகாரி கூப்பிட்டால் அது அழைப்பு வடிவில் வந்தாலும் உத்தரவுதான். அங்கே இந்த முறை செல்லாது.

ஆன்சைட் டீம் ராத்திரி எட்டரைக்கு அஜெண்டா இல்லாமல் கால் போடுகிறது. கிளையன்ட் ஆட்களும் இருக்கிறார்கள். மறுக்க முடியுமா?

கிளையன்ட் இருக்கும் அழைப்பை நீங்களாக மறுக்காதீர்கள், உங்கள் லீடு வழியாகப் போங்கள். குழுவில் ஐந்து பேருக்கு அழைப்பு வந்திருந்தால், "ஒருவர் போய்க் குறிப்பெடுத்து வரட்டும், வாரம் ஒருவராக மாற்றிக்கொள்வோம்" என்று லீடிடம் சொல்வது நடக்கக்கூடிய காரியம். மற்ற நான்கு பேரின் Decline-இலும் போகிறவரின் பெயர் இருக்க வேண்டும்: "எங்கள் குழு சார்பில் அவர் வருகிறார்." அப்போது கிளையன்டின் கண்ணில் நான்கு பேர் விலகியதாகத் தெரியாது, பொறுப்பு ஒருவரிடம் கொடுக்கப்பட்டதாகத் தெரியும்.

நேரம் பற்றி ஒரு விஷயம். நியூயார்க்கில் காலை 11 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 8:30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அதே 11 மணி நமக்கு 9:30 ஆகிவிடும், மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படியே இருக்கும். தொடர் அழைப்பை அமெரிக்காவில் இருப்பவர் போட்டிருந்தால் அது அவர் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நகர்வது நம் பக்கம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை, வழக்கமாக எட்டரைக்கு இருந்த கால் திடீரென்று சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போனதும்தான் விழிப்பார்கள்.

இந்த இடத்தில் மறுப்பதைவிட வேறு நேரம் முன்வைப்பது நன்றாக வேலை செய்யும். அவுட்லுக்கில் Propose New Time, கூகுளில் Propose a new time. அவர்களுக்குக் காலை எட்டு மணி என்றால் குளிர்காலத்திலும் நமக்கு மாலை 6:30-தான். கூடவே, "பேச வேண்டிய விஷயங்களை முன்கூட்டி அனுப்பினால் எங்கள் பகல் நேரத்திலேயே பதில்களைத் தயார் செய்து வைத்துவிடுகிறோம், நீங்கள் எழும்போது அவை உங்கள் மெயிலில் இருக்கும்" என்று எழுதுங்கள். நேர வித்தியாசம் அவர்களுக்கு லாபமாகத் தெரியும் வாக்கியம் அது. அஜெண்டாவும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

வாராவாரம் வரும் தொடர் கூட்டம். ஆரம்பத்தில் உபயோகமாக இருந்தது, இப்போது யாருக்கும் பேச ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

தொடர் கூட்டத்தில் முதல் சிக்கல் பொத்தானிலேயே இருக்கிறது. இந்த வாரத்தை மட்டும் மறுக்கப் போய் மொத்தத் தொடரையும் மறுத்துவிடுவது அடிக்கடி நடக்கும். கூகுள் காலண்டர் This event, This and following events, All events என்று கேட்கும். அவசரத்தில் கடைசியை அழுத்திவிடாதீர்கள். அவுட்லுக்கில் மின்னஞ்சலில் வந்த முதல் அழைப்பைத் திறந்து மறுத்தால் தொடர் முழுவதும் போய்விடும். நாள்காட்டியில் அந்த நாளின் கூட்டத்தைத் திறந்து அங்கிருந்து மறுக்க வேண்டும். தவறி முழுவதையும் மறுத்துவிட்டால் Deleted Items-இல் அழைப்பு கிடக்கும், அதைத் திறந்து மறுபடி Accept கொடுத்தால் திரும்பி வந்துவிடும்.

தொடரிலிருந்து விலக நினைத்தால் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் ஒரு வாரம், "இந்த வாரம் என் பக்கம் புதிதாக ஒன்றும் இல்லை, நிலவரம் இரண்டு வரியில் கீழே" என்று எழுதி அந்த ஒரு நாளை மட்டும் மறுங்கள். அடுத்த வாரமும் அதே நிலை என்றால் அதையே செய்யுங்கள். யாரும் உங்களைத் தேடவில்லை என்று தெரிந்த பிறகு, கூட்டம் போட்டவரிடம் போய், "என்னை Optional பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள், என் விஷயம் வரும் வாரம் முன்கூட்டிச் சொன்னால் வந்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். அழைப்பில் Required, Optional என்று இரண்டு பட்டியல் இருப்பது பலருக்கு நினைவே இருப்பதில்லை. Optional ஆன பிறகு வராதது மறுப்பாகவே தெரியாது.

கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில், மூன்று பேரும் அதற்கு மேலும் கலந்துகொள்ளும் தொடர் கூட்டங்களை எல்லாம் நாள்காட்டியிலிருந்து ஒரேயடியாக நீக்கியது. தேவையானதை மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் கொஞ்சம் பொறுத்து, யோசித்துப் போடுங்கள் என்று ஊழியர்களிடம் சொன்னது. எனக்கு அதில் பிடித்தது, யாரும் யாரையும் மறுக்க வேண்டிய சங்கடம் இல்லாமல் போனதுதான். ஒரு ஊழியர் தனியாக அதைச் செய்ய முடியாது. ஆனால் உங்கள் குழு லீடால் முடியும்: மூன்று மாதத்துக்கு மேல் ஓடும் தொடருக்கு முடிவுத் தேதி வைத்துவிட்டால் போதும். தேதி வந்ததும் தொடர் தானாக நிற்கும், தேவை இருப்பவர் காரணம் சொல்லிப் புதிதாகப் போடுவார்.

ஃபோகஸ் டைம் போட்டு, மோதும் கூட்டங்களைத் தானாக மறுக்க வைத்தால் போதாதா?

கூகுள் காலண்டரில் அந்த வசதி இருக்கிறது, ஆழ்ந்து வேலை பார்க்கும் நேரத்தைக் காப்பாற்ற நல்லதும்கூட. ஆனால் அது அஜெண்டாவைப் பார்த்து மறுப்பதில்லை, நேரத்தைப் பார்த்து மறுக்கிறது. விவரமாக எழுதப்பட்ட, நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டிய கூட்டத்தையும் சேர்த்தே தள்ளிவிடும். தானாகப் போகும் மறுப்புச் செய்தியையாவது நீங்களே எழுதி வையுங்கள், எப்போது கிடைப்பீர்கள் என்பது அதில் இருக்கட்டும்.

நான் போகாத கூட்டத்தில் என் தலையில் வேலையைக் கட்டிவிட்டால்?

கட்டுவார்கள். ஆள் இல்லாத கூட்டத்தில் வேலை, இல்லாத ஆளின் பெயருக்குத்தான் போகும். அதற்காகத்தான் மறுக்கும்போது வெறுமனே "வரவில்லை" என்று எழுதாமல் உங்கள் நிலைப்பாட்டையும் எழுத வேண்டும். மேலே பார்த்த உதாரணத்தில் "பகுதி ரீஃபண்ட் திங்களுக்கு முன் முடியாது" என்பது எழுத்தில் இருப்பதால், "டெஸ்டிங் வெள்ளிக்கே முடித்துத் தரும்" என்று யாரும் வாக்குக் கொடுத்துவிட முடியாது. கொடுத்தாலும், அந்த மெயிலைக் காட்டலாம்.

கூட்டம் முடிந்த அன்றே, "என் பெயரில் ஏதாவது வந்ததா?" என்று கேட்டுவிடுங்கள். மறுநாள் கேட்டால் குறிப்பு எல்லோருக்கும் போய்விட்டிருக்கும், மாற்றுவது பெரும்பாடு. புதிய அவுட்லுக்கில் Follow என்று ஒரு பதில் இருக்கிறது. வர முடியாது, ஆனால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் என்பதை அது கூட்டம் போட்டவருக்குச் சொல்லும், உங்கள் நேரத்தையும் அடைக்காது. Decline மாதிரி முகத்தில் அடிப்பதும் இல்லை. உங்கள் அலுவலகத்தில் அது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு முறை தொடர்ந்து நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையைப் பாதிக்கும் முடிவு எடுக்கப்பட்டால், உங்கள் கணிப்பு தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பு எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும் அது நீங்கள் இருக்க வேண்டிய கூட்டம். போக ஆரம்பித்துவிடுங்கள், அஜெண்டா எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுக்கவும் முடியவில்லை, முழு நேரம் உட்காரவும் முடியவில்லை. பாதியில் கிளம்பலாமா?

தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் கிளம்பலாம். "எனக்கு மூன்றரை வரைதான் நேரம், என்னிடம் கேட்க வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள முடியுமா?" பெரும்பாலும் சம்மதிப்பார்கள். உங்கள் விஷயம் முதல் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுவதும் உண்டு. டெஸ்லாவில் ஈலான் மஸ்க் 2018-இல் ஊழியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில், தன்னால் பயன் இல்லை என்று தெரிந்ததும் கூட்டத்திலிருந்து எழுந்து போகலாம், அது மரியாதைக் குறைவு இல்லை என்று எழுதியிருந்தார். முதலாளியே எழுதிக் கொடுத்த இடத்தில் அது செல்லும். அப்படி ஒரு மெயில் வராத நம் அலுவலகங்களில் சொல்லாமல் எழுந்து போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான்தான் கூட்டம் போடுகிறவன். இப்போது என் அழைப்பை மறுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். என்ன எழுதினால் வருவார்கள்?

விவரப் பகுதியில் மூன்று விஷயம் இருந்தால் போதும். எதை முடிவு செய்யப் போகிறோம், ஒவ்வொருவரும் எதற்காக வர வேண்டும், முன்னால் படிக்க வேண்டியது எங்கே இருக்கிறது. அந்த "பேமெண்ட் மாட்யூல் சிங்க்-அப்" அழைப்பை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதுவேன்:

"ரீஃபண்ட் பகுதியை இந்த ரிலீஸில் சேர்ப்பதா, அடுத்ததற்குத் தள்ளுவதா என்று முடிவு செய்ய. டெஸ்டிங்: டேட்டா நிலவரம். டெவலப்மெண்ட்: மீதமிருக்கும் பிழைகள். ப்ராடக்ட்: தள்ளினால் கிளையன்டுக்கு என்ன சொல்வது. புதன் மாலைக்குள் மூன்று பேரும் இந்த இழையிலேயே எழுதிவிட்டால் கூட்டத்தை ரத்து செய்துவிடுகிறேன்."

எழுத ஐந்து நிமிஷம் ஆகும். எழுத உட்கார்ந்து, முதல் வரிக்கு என்ன போடுவது என்று தெரியாமல் விழித்தால் அழைப்பை அனுப்பாதீர்கள். ஒன்பது பேர் தேவையில்லை, மூன்று பேர் போதும், ஒரு மணி நேரம் வேண்டாம், இருபது நிமிஷத்தில் முடியும் என்பதும் எழுதும்போதுதான் தெரிய வரும். யாராவது மறுத்தால், "என்ன எழுதியிருந்தால் வந்திருப்பீர்கள்?" என்று அவரிடமே கேளுங்கள்.